விரல் நிற்காமல் ஓடும் இதயப் படம்: மணிலா அட்டை, பித்தளைப் பின், ஒரு ஆட்டு இதயம்

படிவம் 4 உயிரியல் படிக்கும் என் அண்ணன் மகள் இதயப் படத்தில் உள்ள பெயர்களை எல்லாம் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். நான்கு அறை, நான்கு வால்வு, பெருந்தமனி, பெருஞ்சிரை, ஒன்றும் விட்டுப்போகாது. ஆனால் "வலது கீழறைக்குள் ஒரு துளி இரத்தம் வந்துவிட்டது, அடுத்து எங்கே போகும், விரலை வைத்துக் காட்டு" என்றால் விரல் நேராக இதயத்தின் கூர்முனைக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். அந்த முனையில் வாசலே கிடையாது. வந்த துளி திரும்பி மேலே ஏறித்தான் வெளியே போக வேண்டும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த காலத்திலும் பல பிள்ளைகளின் விரல் அதே இடத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். குறை பிள்ளைகளிடம் இல்லை. பெயர் எழுதிய அச்சுப் படம் பெயர் கற்றுக்கொள்ளத்தான் வசதி. வழியைக் கண்டுபிடிக்க அது அவ்வளவாக உதவாது. அதனால் பள்ளி விடுமுறையில் பினாங்கு ஜெலுத்தோங் வீட்டு சாப்பாட்டு மேசையில் இருவருமாக உட்கார்ந்து, வால்வுகள் திறந்து மூடும் பெரிய இதயப் படம் ஒன்றைச் செய்தோம். எப்படிச் செய்தோம், எங்கே சிக்கியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பொருள்கள் எல்லாம் எழுதுபொருள் கடையில் கிடைப்பவைதான். அடித்தளத்துக்கு வெள்ளை மணிலா அட்டை, இரத்தக் குழாய்களுக்கு நீலத்திலும் சிவப்பிலும் ஒவ்வொரு அட்டை, பின்னால் கால் விரியும் பித்தளைப் பின்கள், தையல் நூல், பசை, இரத்தத் துளிக்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தான்.

முதலில் பக்கம், அப்புறம் சுவர்

பென்சில் எடுத்ததும் அட்டையின் இடது மூலையில் "வலது" என்றும், வலது மூலையில் "இடது" என்றும் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னேன். படத்தில் இருப்பது நம்மைப் பார்த்தபடி நிற்கும் ஆளின் இதயம். அட்டையைத் தூக்கி, படம் வெளியே தெரியும்படி அவள் நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னால் குழப்பம் போய்விடும். படத்தின் வலது கீழறை அவளுடைய வலது கைப் பக்கம் போய் நிற்கும்.

அளவை மூன்று மடங்காக வைத்துக்கொண்டோம். பெரியவர்களின் இதயம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளம், எனவே படத்தில் 36. இடது கீழறையின் சுவர் 1 சென்டிமீட்டர் அளவுக்குத் தடிப்பு, படத்தில் 3. வலது கீழறையின் சுவர் அதில் மூன்றில் ஒரு பங்குதான், படத்தில் 1. இந்த வித்தியாசத்தை அளந்தே போட வேண்டும். பல அச்சுப் படங்களில் இரண்டு சுவரும் ஒரே தடிப்பில் இருக்கும். அப்படி இருந்தால் எந்தப் பக்கம் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்புகிறது, எந்தப் பக்கம் உடல் முழுக்க அனுப்புகிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சுருங்கும்போது வலது கீழறையில் அழுத்தம் 25 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறும், இடது கீழறையில் 120 வரை. தடிப்பு அந்த வேலைக்கு ஏற்றபடி அமைந்தது.

அறைகளை வரையும்போது ஒன்றைக் கவனித்து வரைந்தோம். கீழறை ஒவ்வொன்றுக்கும் உள்வாசல் ஒன்று, வெளிவாசல் ஒன்று. இரண்டும் மேல்பக்கத்திலேயே, பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மூடிய கூர்முனையை முதலில் நல்ல தடிமனாக வரைந்துவிட்டு, அதற்கு மேலே இரண்டு வாசல்களுக்கும் இடைவெளி விட்டோம். அதன் பிறகு பொத்தானை உள்வாசல் வழியாக இறக்கினால், அது போய்ச் சுவரில் முட்டித் திரும்பி மேலே வருவதைத் தவிர வேறு வழி இல்லை. விரல் நின்றுபோகும் சிக்கல் பாதி இங்கேயே தீர்ந்தது.

குழாய்கள் குறுக்கே போகும் இடம்

அடுத்த சிக்கல் இதயத்துக்கு மேலே இருக்கிறது. வலது கீழறையிலிருந்து கிளம்பும் நுரையீரல் தமனி மேலே ஏறி உடலின் இடப்பக்கமாகச் சாய்கிறது. இடது கீழறையிலிருந்து கிளம்பும் பெருந்தமனி முதலில் வலப்பக்கமாக ஏறி, பிறகு வளைந்து இடப்பக்கம் போகிறது. ஆக இரண்டும் ஒன்றை ஒன்று குறுக்கே கடக்கின்றன. அச்சுப் படத்தில் இந்த இடத்தில் கோடுகள் ஒன்றோடு ஒன்று மோதிக் கிடக்கும். பெருந்தமனியில் ஏறிய பிள்ளையின் விரல் நுரையீரல் தமனிக்குள் நழுவிப் போவது இங்கேதான்.

வரைந்து காட்டுவதை விட்டுவிட்டுக் குழாய்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்டினோம். சிவப்பு அட்டையில் பெருந்தமனி, நீல அட்டையில் நுரையீரல் தமனி. அடிப்பகுதியில் நீலம் முன்னால், சிவப்பு அதற்குப் பின்னால். மேலே போனதும் நுரையீரல் தமனி இரண்டாகப் பிரிகிறது. அதில் வலது நுரையீரலுக்குப் போகும் கிளை, மேலேறும் பெருந்தமனிக்குப் பின்புறமாக நுழைந்து போகிறது. அதாவது கீழே முன்னால் இருந்த நீலம் மேலே பின்னால் போய்விடுகிறது. ஓலை முடைவது போல அட்டையை மேலும் கீழும் நுழைத்தால்தான் இது சரியாக வரும். ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் ஒரு தடவை நுழைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

நுரையீரல் சிரைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. நான்கு சிரைகளும் இடது மேலறையில்தான் வந்து சேர்கின்றன. ஆனால் வலது நுரையீரலிலிருந்து வரும் இரண்டும் வலது மேலறைக்குப் பின்னால் ஒளிந்து வருவதால், முன்பக்கப் படத்தில் அவை வலது மேலறையில் செருகியிருப்பது போலவே தெரியும். அவளுக்கு டியூஷனில் கொடுத்திருந்த தாளில் அப்படியேதான் வரைந்திருந்தது. நாங்கள் அந்த இரண்டையும் வலது மேலறைக்குப் பின்னால் புள்ளிக்கோடாக இழுத்து, இடது மேலறையின் விளிம்பில் முடித்தோம்.

நிறத்தைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகம். தமனி என்றால் சிவப்பு, சிரை என்றால் நீலம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதயத்தை விட்டு வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்கு உள்ளே கொண்டுவருவது சிரை, அவ்வளவுதான். ஆகையால் நுரையீரல் தமனி நீலம், நுரையீரல் சிரை சிவப்பு. படத்துக்காகத்தான் நீலம் என்று வைத்திருக்கிறோம். உயிர்வளி குறைந்த இரத்தமும் உண்மையில் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு.

வலது மேலறைக்குள் வரும் வழிகளில் மேற்பெருஞ்சிரையையும் கீழ்ப்பெருஞ்சிரையையும் எல்லாரும் போடுவார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. இதயத் தசைக்கே ஊட்டம் கொடுத்த இரத்தத்தின் பெரும்பகுதி திரும்பி வரும் சிறிய வாசல் அது. கீழ்ப்பெருஞ்சிரை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துளை போட்டுவிட்டேன். தேர்வில் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் உடம்பில் உள்ளதைப் படத்தில் விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

வால்வுகளும் நூலும்

இந்த வேலையில் அதிக நேரம் பிடித்ததும், எனக்கு மிகவும் பிடித்ததும் வால்வுகள்தான்.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே வலப்பக்கம் மூவிதழ் வால்வு, இடப்பக்கம் ஈரிதழ் வால்வு. மருத்துவமனையில் இதை மிட்ரல் என்பார்கள். கீழறைகளின் வெளிவாசலில் இருக்கும் நுரையீரல் வால்வும் பெருந்தமனி வால்வும் அரைச்சந்திர வால்வுகள். வரையும்போது ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். இதழின் நுனி எப்போதும் இரத்தம் போகும் திசையைப் பார்த்திருக்கும். எனவே உள்வாசல் வால்வுகள் இரண்டின் நுனி கீழறைக்குள் தொங்கும், அரைச்சந்திர வால்வுகளின் நுனி கீழறையை விட்டு வெளியே, குழாய்க்குள் நீட்டியிருக்கும். வரைந்தது சரியா என்று பார்க்க, இரத்தம் பின்னோக்கி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். இதழின் பின்பக்கம் இரத்தம் நிரம்பி வாசல் அடைபட்டால் சரி. இதழை ஒதுக்கிவிட்டு இரத்தம் உள்ளே வந்துவிடும் என்றால் இதழைத் தலைகீழாக வரைந்திருக்கிறோம்.

மூவிதழ் வால்வை வெட்டுப் படத்தில் வரையும்போது இரண்டு இதழ்தான் வெட்டுக்கோட்டில் வரும். அதனால் பிள்ளைகள் படத்தை எண்ணிப் பார்த்துவிட்டு ஈரிதழ் என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது இதழைப் பின்னால் புள்ளிக்கோட்டில் போட்டோம்.

ஒவ்வொரு இதழையும் 4 சென்டிமீட்டர் நீளத்தில் அட்டையில் வெட்டி, வாசலின் விளிம்பில் பித்தளைப் பின் கொண்டு பூட்டினோம். இதழ் கதவு போல ஆடும். அப்புறம் நூல். உள்வாசல் வால்வுகளின் இதழ் நுனியிலிருந்து கீழறைச் சுவரில் முளைத்திருக்கும் சிறு தசைமேடுகளுக்கு உண்மையான இதயத்தில் வெள்ளை நாண்கள் போகின்றன. அதற்காகத் தையல் நூலை இதழ் நுனியில் கட்டி, மறுமுனையைத் தசைமேட்டில் ஒட்ட வேண்டும்.

எவ்வளவு நீளம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அவள் முதலில் இதழைத் திறந்த நிலையில் வைத்து நூலைக் கட்டப் போனாள். அந்த நிலையில் நுனி தசைமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், எனவே நூல் குட்டையாகிவிடும். பிறகு இதழ் மூடவே மூடாது, நூல் பாதியில் பிடித்து இழுத்துக்கொள்ளும். தாராளமாக விட்டால் அதற்கு நேர் எதிர். கீழேயிருந்து தள்ளும்போது இதழ் மூடும் இடத்தில் நிற்காமல் மேலறைக்குள் புரண்டு போய்விடும். சரியான வழி, இரண்டு இதழ்களையும் நுனியோடு நுனி சேர்த்து மூடிப் பிடித்துக்கொண்டு, நூலை விறைப்பாக இழுத்து அங்கேயே முடிச்சுப் போடுவது. திறக்கும்போது நூல் தொய்ந்து கிடக்கும், மூடும்போது விறைக்கும்.

இதைக் கையால் செய்ததும் அவளுக்கு ஒன்று தெளிவானது. நாண் இதழை இழுத்துத் திறப்பதில்லை. வால்வைத் திறப்பதும் மூடுவதும் இரண்டு பக்கத்து அழுத்த வித்தியாசம்தான். மூடிய இதழ் பின்பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே நாணின் வேலை. கீழறை சுருங்கும்போது தசைமேடும் கூடவே சுருங்கி, நூலை விறைப்பாக வைத்துக்கொள்கிறது. அரைச்சந்திர வால்வுகளுக்கு நூல் வேண்டாம். அவை சட்டைப் பை மாதிரி. திரும்பி வரும் இரத்தம் பையை நிரப்பி, மூன்று பைகளும் ஒன்றோடு ஒன்று முட்டி அடைத்துக்கொள்ளும்.

அச்சுப் படம் சொல்லாதது

வால்வு ஆடத் தொடங்கியதும் அச்சுப் படத்தின் பெரிய குறை வெளியே வந்தது. அதில் நான்கு வால்வுகளும் திறந்தே இருக்கும், அம்புக்குறி ஒரே ஓட்டமாக எல்லா வாசலிலும் நுழைந்து போகும். நலமான இதயத்தில் அப்படி ஒரு கணமே கிடையாது. நான்கும் மூடியிருக்கும் நொடிப்பொழுது உண்டு, கீழறை சுருங்கத் தொடங்கும்போது ஒரு தடவை, தளரத் தொடங்கும்போது ஒரு தடவை. நான்கும் சேர்ந்து திறந்திருப்பது கிடையாது.

எங்கள் படத்துக்கு இரண்டு நிலைகள் வைத்தோம். "நிரம்பும்" நிலையில் உள்வாசல் வால்வுகள் இரண்டும் திறந்திருக்கும், அரைச்சந்திர வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். "தள்ளும்" நிலையில் அப்படியே மாற்றி. இடதும் வலதும் எப்போதும் ஒன்றாகவே மாறும். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் தள்ளுவதற்கு ஏறக்குறைய 0.3 நொடி, நிரம்புவதற்கு மீதி 0.5. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் முதல் சத்தம் உள்வாசல் வால்வுகள் மூடுவதால் வருவது, இரண்டாவது அரைச்சந்திர வால்வுகள் மூடுவதால் வருவது. முதல் சத்தத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருப்பது தள்ளும் நேரம்.

சரி, இப்போது பொத்தானை ஓட்டிப் பார்ப்போம் என்றேன். காலிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வந்த துளி வலது மேலறையில் நிற்கிறது. நிரம்பும் நிலை வந்தது. மூவிதழ் வால்வு திறந்திருப்பதால் பொத்தான் கீழே இறங்கியது. இதற்கு மேலறை சுருங்கவே தேவையில்லை. நிரம்புவதில் பெரும்பகுதி இரத்தம் தானாகவே இறங்கிவிடும், கடைசியில் மேலறை சுருங்கிச் சேர்ப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். தள்ளும் நிலைக்கு மாற்றினோம். மூவிதழ் வால்வு மூடியது, நூல் விறைத்தது, நுரையீரல் வால்வு திறந்தது. பொத்தான் திரும்பி மேலேறி நீல அட்டைக்குள் போனது.

அடுத்த நிரம்பும் நிலையிலேயே அவள் பொத்தானை எடுத்து இடது மேலறையில் வைத்துவிட்டாள். "நுரையீரலை அவ்வளவு சீக்கிரம் தாண்டிவிடுமாமா?" என்றேன். "தாண்டாதா சித்தப்பா?" என்றாள். கணக்குப் போட்டோம். நுரையீரல் குழாய்களில் ஏறக்குறைய அரை லிட்டர் இரத்தம் இருக்கிறது. ஒரு துடிப்புக்கு உள்ளே வருவது ஏறக்குறைய 70 மில்லிலிட்டர். 500-ஐ 70-ஆல் வகுத்தால் ஏழு துடிப்பு. ஆக நம் துளி நுரையீரலுக்குள் இருக்கும்போது இதயம் ஏழு தடவை போல அடித்துவிடும். அந்த ஏழு தடவையிலும் இடது பக்கம் சும்மா இல்லை. முன்னால் வந்த வேறு துளிகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. படத்தில் வரிசையாகப் பார்க்கும் வலது பக்கமும் இடது பக்கமும் நெஞ்சுக்குள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. மேசையைத் தட்டி ஏழு எண்ணிவிட்டு, பொத்தானைச் சிரையில் வைத்து, இடது மேலறை, மிட்ரல் வால்வு, இடது கீழறை, பெருந்தமனி வால்வு என்று ஓட்டி வெளியே அனுப்பினாள்.

நியாயமாகப் பார்த்தால் இன்னும் ஒரு தாமதமும் உண்டு. நிரம்பிய கீழறையில் 120 மில்லிலிட்டர் இருந்தால் 70 வெளியே போகும், 50 உள்ளேயே தங்கும். நம் துளி அந்த ஐம்பதில் இருந்துவிட்டால் அடுத்த துடிப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சந்தையில் வாங்கிய இதயம்

படம் சொல்வது உண்மையா என்று பார்க்க சௌராஸ்தா சந்தையில் ஆட்டிறைச்சி விற்கும் பாயிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து ஒரு இதயம் வாங்கினேன். சொல்லாமல் போனால் மேலே குழாய்களை ஒட்ட நறுக்கி, நடுவில் கீறியும் தருவார்கள், சமையலுக்கு அதுதான் வசதி. "கீறாதீங்க பாய், மேலே குழாய் இரண்டு விரல் நீளத்துக்கு இருக்கட்டும்" என்று சொன்னால் போதும். உள்ளே இரத்தக் கட்டி இருக்கும். குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு மெதுவாகப் பிதுக்கிக் கழுவ வேண்டும்.

முதலில் பக்கம் கண்டுபிடிக்க வேண்டும். முன்பக்கத்தில் சாய்வாக ஒரு பள்ளம் ஓடும், அதில் கொழுப்பும் இரத்தக் குழாயும் தெரியும். அமுக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும், கூர்முனையும் அந்தப் பக்கமே சேர்ந்திருக்கும். அது இடது கீழறை. தொளதொளவென்று அமுங்குவது வலது. மேலே உள்ள குழாய்களில் வாய் திறந்தபடி நிற்பவை தமனிகள், படிந்துபோய்க் கிடப்பவை சிரைகள். ஆட்டின் பெருந்தமனி வளைவில் ஒரே ஒரு பெரிய கிளைதான் கிளம்பும், மனிதனுக்கு மூன்று. படத்தோடு ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் ஏதோ அறுந்துபோய்விட்டது என்று தேடிக்கொண்டிருப்போம்.

கழுவுதொட்டி மேல் இதயத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பெருந்தமனிக்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் உள்ளே இறங்காமல் குழாயிலேயே நின்றது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் மூன்று பைகளும் உப்பி, நடுவில் மூன்று கோடாகச் சேர்ந்திருப்பது தெரியும். கொஞ்ச நேரத்தில் மட்டம் மெல்லக் குறையும், அது வால்வின் கசிவு இல்லை. பைகளுக்குச் சற்று மேலே இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் இரண்டு தமனிகளின் வாய் இருக்கிறது, தண்ணீர் அந்த வழியாகப் போகிறது. ஊற்றிய வேகத்துக்கே மடமடவென்று இறங்கினால் கத்தி ஏதோ ஒரு பையைக் கிழித்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து இடது மேலறையின் கூரையை வெட்டி எடுத்துவிட்டு, மிட்ரல் வால்வு வழியாக இடது கீழறையில் தண்ணீர் நிரப்பி, பெருந்தமனியை விரலால் அடைத்துக்கொண்டு கீழறையை வெளியே இருந்து அமுக்கினோம். இரண்டு இதழ்களும் படகுப் பாய் போல மேலெழும்பி ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. அறையை நீளவாக்கில் திறந்தபோது அந்த வெள்ளை நாண்கள் தெரிந்தன. தையல் நூலைவிடக் கெட்டி. அவள் ஒன்றை விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தாள், அறுபடவில்லை.

நடுச்சுவரையும் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தோம். துளை எதுவும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் கேலன் இந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இரத்தம் வலமிருந்து இடம் போகிறது என்று எழுதிவைத்து, ஆயிரம் ஆண்டுக்கு மேல் அதுவே பாடமாக இருந்தது. துளை இல்லை, நுரையீரலைச் சுற்றித்தான் வருகிறது என்று 13-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ் எழுதினார். உடல் முழுவதுக்குமான சுற்றோட்டத்தை வில்லியம் ஹார்வி 1628-இல் நூலாக வெளியிட்டார்.

பெயர்க்கோடு

படத்துக்குப் பெயர் எழுதும் வேலை சீக்கிரம் முடிந்தது. பெயர்க்கோட்டுக்கு அம்பு முனை போடக் கூடாது, அம்பு இரத்தம் போகும் திசைக்கு மட்டும். கோடு பொருளைத் தொட்டே முடிய வேண்டும். கீழறை என்று எழுதும் கோடு சுவரில் நின்றுவிட்டால் அது சுவரின் பெயராகிவிடும், உள்ளே இருக்கும் வெற்றிடம் வரை இழுக்க வேண்டும். கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. அவ்வளவே.

ஒரு வால்வு மூடாவிட்டால்

என் அம்மாவுக்கு மிட்ரல் வால்வில் கசிவு இருக்கிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று தலையணை இரண்டு வைத்துக்கொள்வார். "இதயத்துல இருக்கிற வால்வுக்கும் பாட்டி மூச்சு வாங்குறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இவள் கேட்டாள். படத்திலேயே போட்டுப் பார் என்றேன்.

தள்ளும் நிலைக்கு மாற்றிவிட்டு, மிட்ரல் இதழ்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் திறந்தபடி விட்டோம். இடது கீழறை சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் 120. பெருந்தமனிப் பக்கம் தள்ள வேண்டுமானால் அங்கே ஏற்கனவே 80 இருக்கிறது. இடது மேலறையில் பத்து சொச்சம்தான். எனவே ஒரு பங்கு இரத்தம் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறது. கணக்குக்காக, கீழறையை விட்டு 100 மில்லிலிட்டர் கிளம்பி, 70 பெருந்தமனிக்கும் 30 மேலறைக்கும் போவதாக வைத்துக்கொண்டோம். அடுத்த நிரம்பும் நிலையில் நுரையீரலிலிருந்து வரும் 70-உடன் அந்த 30-ம் சேர்ந்து திரும்பக் கீழறைக்கு வரும். உடலுக்குப் போவது அதே 70, ஆனால் இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் 100-ஐக் கையாள வேண்டும். நாளடைவில் அறை பெரிதாகிறது.

மேலறையில் அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்பதற்குப் பொத்தானைப் பின்னோக்கி நகர்த்தினால் போதும். இடது மேலறைக்கும் நுரையீரல் சிரைக்கும் நடுவே வால்வு இல்லை. எனவே அந்த அழுத்தம் அப்படியே நுரையீரலுக்குப் போகிறது, நீர் அங்கே கசிந்து தேங்குகிறது. படுக்கும்போது காலில் இருந்த இரத்தமும் நெஞ்சுப் பக்கம் வந்து சேர்வதால் இன்னும் கூடுகிறது. அதற்குத்தான் இரண்டு தலையணை.

"அப்போ கால் வீங்கினா மூவிதழ் வால்வா?" என்று அவளே வலப்பக்கம் போய்விட்டாள். மூவிதழ் கசிந்தால் வலது மேலறை, அங்கிருந்து பெருஞ்சிரைகள், கழுத்துச் சிரை புடைக்கும், கால் வீங்கும். படத்தின்படி அது சரி. ஆனால் இடது பக்கத்துக் கோளாறு நீண்ட காலம் நுரையீரலை அழுத்தி, அதன் வழியாக வலது பக்கத்தையும் சோர வைத்தாலும் கால் வீங்கும். சிறுநீரகக் கோளாறிலும் வீங்கும், சில இரத்த அழுத்த மாத்திரைகளாலும் வீங்கும். கால் வீக்கத்தை மட்டும் வைத்து வால்வைச் சொல்ல இந்தப் படம் உதவாது.

அம்மாவின் இதயத்தை ஒலியலையால் படமெடுத்த எக்கோ அறிக்கையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தோம். அதில் அச்சிட்டிருந்த படத்தில் கூர்முனை மேலே இருந்தது, ஏனென்றால் கருவியை அந்த முனைப் பக்கம் நெஞ்சில் வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். எங்கள் அட்டையைத் தலைகீழாகப் பிடித்தபோது கூர்முனை மேலே வந்துவிட்டது, ஆனால் இடது கீழறை எதிர்ப்பக்கம் போய்விட்டது. அப்படியே அலமாரிக் கண்ணாடியில் காட்டியதும் இரண்டும் பொருந்தின. மிட்ரல் வால்விலிருந்து இடது மேலறைக்குள் ஒரு நீலப் பீச்சல் தெரிந்தது. "இடது பக்கம் சிவப்பு இரத்தம்தானே சித்தப்பா, ஏன் நீலம்?" என்றாள். எக்கோவில் நிறத்துக்கும் உயிர்வளிக்கும் தொடர்பில்லை. கருவியை நோக்கி வரும் இரத்தத்துக்குச் சிவப்பு, கருவியை விட்டு விலகிப் போகும் இரத்தத்துக்கு நீலம். கருவி கூர்முனையில் இருக்கிறது, கசியும் இரத்தம் அதை விட்டு மேலறைப் பக்கம் ஓடுகிறது. அவள் அட்டையை எடுத்துக் கூர்முனையில் ஒரு விரலை வைத்து, மிட்ரல் இதழைப் பாதி திறந்து, பொத்தானை அந்த விரலை விட்டு விலகும் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள்.